முடிவில்லாத ஏணியும் மூன்று படிகளும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் உயர்தரப் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு இது. படுக்கையாக ஒரு தடை, அதன் முடிவிலிருந்து கீழ்க் கம்பிக்குச் செங்குத்தாக ஒரு தடை. இது ஒரு படி. எல்லாத் தடைகளும் R. இப்படிப் படிக்குமேல் படியாக முடிவில்லாமல் நீளும் ஏணியின் சமவலுத் தடை என்ன?

வகுப்பில் சொல்லித்தரும் வழி நாலு வரியில் முடிந்துவிடும். முழு ஏணியின் தடை X என்க. முதற் படியை வெட்டி எடுத்தாலும் மிஞ்சுவது அதே ஏணிதான். ஆகவே மிச்சத்தின் தடையும் X. அந்த X முதல் செங்குத்துத் தடையோடு சமாந்தரமாகவும், முதல் படுக்கைத் தடையோடு தொடராகவும் இருக்கிறது:

X = R + RX/(R + X)

இதைச் சுருக்கினால் X² − RX − R² = 0. தீர்த்தால் X = R(1 + √5)/2, அதாவது 1.618R. மற்ற மூலம் மறைப் பெறுமானம். "தடை மறையாக வராது" என்று அதை அடித்துவிடுவார்கள்.

இந்த வழி அழகானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூட்டி முடிக்க இயலாத ஒன்றை, தன் உருவமே தனக்குள் திரும்ப வருகிறது என்ற ஒரே கவனிப்பால் இருபடிச் சமன்பாடாக்கிவிடுகிறது. படுக்கைத் தடை r, செங்குத்துத் தடை s என்று மாறினாலும் அதே நாலு வரிதான். விடை r/2 + √(r²/4 + rs). வேறெந்த வழியும் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு தராது.

குறை முதல் வரியிலேயே இருக்கிறது. "முழு ஏணியின் தடை X என்க" என்று எழுதும்போதே அப்படி ஒரு திட்டமான எண் உண்டென்று எடுத்துக்கொள்கிறோம். சமன்பாடு சொல்வது, அப்படி ஒரு எண் இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்பது மட்டுமே. இருக்கிறதா என்பதை அது தொடவேயில்லை. பெரும்பாலான குறிப்புப் புத்தகங்களும் தொடுவதில்லை. பிள்ளை சரியான விடையை எழுதிவிட்டு, நிறுவியதாக நினைத்துக்கொண்டு எழும்புகிறது.

நிறுவலுக்கு அதிக நேரம் வேண்டாம். முடிவுள்ள ஏணிகளைக் கணக்கிட்டால் போதும். ஒரு படி மட்டும் இருந்தால் 2R. இரண்டு படிக்கு 5/3, மூன்றுக்கு 13/8, நான்குக்கு 34/21. பிபனாச்சி எண்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக வருவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். இவை 2, 1.667, 1.625, 1.619 என்று மேலிருந்து இறங்குகின்றன. இப்போது கடைசிப் படியின் நுனியைத் திறந்து விடாமல் கம்பியால் குறுக்கிணைத்துப் பாருங்கள். ஒரு படிக்கு R, பிறகு 3/2, 8/5, 21/13. இவை 1, 1.5, 1.6, 1.615 என்று கீழிருந்து ஏறுகின்றன. சுற்றில் எங்கே வெட்டினாலும் தடை குறையாது. எங்கே குறுக்கிணைத்தாலும் தடை கூடாது. ஆகவே நுனியில் என்ன தொங்கினாலும், முடிவில்லாத மிச்ச ஏணியே தொங்கினாலும், விடை இந்த இரண்டு வரிசைகளுக்கும் இடையில்தான் அகப்பட்டாக வேண்டும். நாலாவது படியிலேயே இடைவெளி 0.004R தான். X உண்டு என்பது இங்கே வெளிச்சமாகிறது.

மறை மூலத்தைத் தள்ளும் காரணமும் இதே இடத்தில் தெளிவாகும். R = 1 என்று வைத்து, −0.618 க்குக் கிட்டவுள்ள −0.6 ஐ நுனியில் இருப்பதாகக் கொண்டு படிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் −0.5, 0, 1, 1.5 என்று வரும். அந்த மூலம் தன்னருகே வருவதைத் தூக்கி எறிகிறது, 1.618 தன்பக்கம் இழுக்கிறது. இந்தக் கணக்கில் "மறையாக வராது" என்ற வாதமே போதும். ஆனால் இரண்டு மூலமும் மறையல்லாத கணக்கு வந்தால் அந்த வாதம் கைகொடுக்காது, இழுப்பு எந்தப் பக்கம் என்று பார்க்கத்தான் வேண்டும்.

இந்த ஏணியில் முறை இவ்வளவு நன்றாகப் பலிப்பது ஏன்? முதல் படுக்கைத் தடையைக் கடந்த ஓட்டத்தில் 61.8 வீதம் முதல் செங்குத்துத் தடையால் இறங்கிவிடுகிறது, 38.2 வீதம்தான் அடுத்த படிக்குப் போகிறது. வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தோடு போவதால், மொத்த வெப்பத்தில் 61.8 வீதம் முதல் தடையிலும் 23.6 வீதம் இரண்டாவதிலும் எரிகிறது. மிச்சமுள்ள எண்ணற்ற தடைகளுக்கு எல்லாமாகச் சேர்த்து 14.6 வீதம். பழுப்பு, கறுப்பு, சிவப்பு, பொன் வளையமுள்ள ஆறு தடைகளை வாங்கி மூன்று படி கட்டினால் கணக்குப்படி 1625 ஓம் வரவேண்டும். முடிவில்லாத ஏணிக்கு 1618. வித்தியாசம் 7 ஓம். பொன் வளையம் அனுமதிக்கும் 5 வீத வழுவில் முதல் தடை மட்டுமே 50 ஓம் பிசகலாம். எனவே ஆய்வுகூட மேசையில் மூன்று படிக்கும் முடிவிலிக்கும் வேறுபாடு காண முடியாது.

ஆனால் இந்த நல்வாய்ப்பு r உம் s உம் சமமாக இருப்பதால் வந்தது. கல்முனையில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு குறுக்கு வீதியை எடுப்போம். மின்கம்பிதான் படுக்கைத் தடை, வீடுகள்தான் செங்குத்துத் தடைகள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீடு வரை போகவர 0.05 ஓம், ஒவ்வொரு வீடும் 100 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ற்றில் அது ஏறத்தாழ 530 வாற்று. வீதியில் 20 வீடு. தன்னொப்புமைச் சூத்திரம் தரும் விடை 2.26 ஓம். முடிவுள்ள ஏணியாக ஒழுங்காகக் கணக்கிட்டால் வருவது 5.35 ஓம் அளவில். பாதிக்கும் குறைவான விடையைச் சூத்திரம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தந்துவிடுகிறது. ஏணி தன் நுனியை மறக்க எத்தனை படி வேண்டும் என்பதை √(s/r) காட்டும். இங்கே அது ஏறத்தாழ 45. நூறு வீட்டுக்குமேல் ஒரே மாதிரி நீண்டால்தான் "முடிவில்லாதது" என்ற பேச்சுக்கு இடமுண்டு. உண்மை வீதியோ அதற்கு முன்னமே கடலில் முடிந்துவிடும். கடைசி வீட்டில் பின்னேரம் லைற் மங்குவது ஏன் என்று கேட்கிற பிள்ளைக்கு இந்த ஒப்பீடு பதில் தரும். X² சமன்பாடு தராது.

இன்னும் கடுமையான இடம் ஒன்றுண்டு. படுக்கையாகச் சுருளும் செங்குத்தாகக் கொள்ளளவியும் வைத்து ஆடலோட்டம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ரிச்சர்ட் ஃபைன்மன் தம் விரிவுரைகளின் இரண்டாம் தொகுதியில் ஆராய்கிறார். குறித்த ஒரு அதிர்வெண்ணுக்குக் கீழே அதே தந்திரம் தரும் விடையில் உண்மையான தடைப் பகுதியொன்று வருகிறது. சுற்றில் வெப்பமாக்கும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. முடிவுள்ள ஏணி எவ்வளவு நீளமானாலும் தடைப் பகுதி பூச்சியமே; படிகளைக் கூட்டக்கூட விடை ஓரிடத்தில் நிற்பதுமில்லை. முடிவில்லாத ஏணியில் சக்தி திரும்பாமல் போய்க்கொண்டே இருப்பதுதான் தடையாகத் தெரிகிறது. ஒவ்வொரு சுருளிலும் கொஞ்சமாவது கம்பித்தடை இருந்தால்தான் நீண்ட ஏணி அந்த விடைக்கு வந்து சேரும். "X என்க" என்ற வரிக்கு முன்னால் கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளை, பல்கலைக்கழகத்தில் இந்த இடத்துக்கு வரும்போது விடையை நம்புவதா சுற்றை நம்புவதா என்று திகைத்து நிற்கும்.

முறையைக் கைவிடச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்கிறேன். ஆசிரியர்களே, சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுமுன் 2, 5/3, 13/8 ஐயும் 1, 3/2, 8/5 ஐயும் பிள்ளைகளைக் கொண்டு கணக்கிட வையுங்கள். பத்து நிமிடம் போதும்.