படத்துக்கு முன்னே ஆள்

ஆரணியில் வீட்டிலிருந்தபடியே கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளர்களுக்கு ஒருவர் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரை முழுக்க கிரேன் கொக்கியின் படம். அதன் முன்னால் அவர். விரிசல் எங்கே என்று விரலாலேயே காட்டுகிறார். டிவி வானிலை அறிக்கையின் பழைய வித்தைதான், பச்சைத் துணிகூடத் தேவையில்லை.

ஜூமில் ஸ்லைடையே பின்னணியாக வைக்கலாம். ஆனால் அனிமேஷன் ஓடாது. டீம்ஸின் ‘ஸ்டாண்ட்அவுட்’ முறை திரையையே பகிர்வதால் அங்கே ஓடும்.

அழகு கெடுவது வேறிடத்தில். மென்பொருள் தேடுவது மனித உருவத்தை. கையில் நிஜக் கொக்கியைத் தூக்கிக் காட்டினால் அது பாதி கரைந்துவிடும். முகத்தில் வெளிச்சம் குறைந்தால் காதோரமும் அரித்துப்போகும். ஆகவே கொக்கியைப் படமெடுத்து ஸ்லைடில் வையுங்கள். நீங்கள் நிற்கும் மூலையில் எழுத்து வேண்டாம்.