நெருக்கடி நிலை அதிகாரமும் அதற்கிட்ட பூட்டுகளும்

இந்திய அரசமைப்பின் 352ஆம் பிரிவு, போர் போன்ற பேராபத்து வரும்போது கூட்டாட்சியை ஏறத்தாழ ஒற்றையாட்சியாக மாற்றிக்கொள்ள மத்திய அரசுக்கு வழி செய்கிறது. குடியரசுத் தலைவர் பிரகடனம் வெளியிட்டதும் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்கள் குறித்தும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். மாநில அரசுகளுக்கு மத்திய அரசு எந்த விஷயத்திலும் கட்டளையிடலாம். சில அடிப்படை உரிமைகள் முடங்கும். அரசமைப்பு நிர்ணய சபையிலேயே எச்.வி.காமத் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஜெர்மனியின் வைமர் அரசமைப்பில் இருந்த இதே வகை அதிகாரம் ஹிட்லருக்கு வழிவிட்டதை அவர் நினைவூட்டினார். ஆனால், பிரிவினையின் ரத்தம் காயாத அந்த நாள்களில் வலுவான மையம் வேண்டும் என்ற வாதமே வென்றது.

அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. 1962 அக்டோபரில் சீனப் படைகள் எல்லை தாண்டியபோது, ஒவ்வொரு மாநிலத்தின் இசைவையும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது. ஒரு மாதப் போருக்காகப் பிறப்பிக்கப்பட்ட அந்தப் பிரகடனம் 1968 ஜனவரி வரை நீடித்தது. நாடாளுமன்றம் ஒருமுறை ஒப்புதல் தந்துவிட்டால், அரசு தானாக விலக்கிக்கொள்ளும் வரை பிரகடனம் உயிரோடு இருக்கும்படிதான் மூல அரசமைப்பு எழுதப்பட்டிருந்தது.

இரண்டாவது குறை ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற சொல்லாட்சி. போர், வெளிநாட்டுத் தாக்குதல் ஆகியவற்றோடு இதுவும் பிரகடனத்துக்குரிய காரணமாக இருந்தது. எது குழப்பம் என்பதை அளக்க எந்த அளவுகோலும் தரப்படவில்லை. 1975 ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் ஜூன் 24 அன்று நிபந்தனையோடுதான் தடை தந்தது. மறுநாள் இரவே உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணம் காட்டும் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கு அதற்குமுன் எதுவும் தெரியாது. அலுவல் நடத்தை விதிகளில் பிரதமருக்கு இருந்த ஒரு விலக்கைப் பயன்படுத்தி, மறுநாள் விடிகாலையில் கூட்டப்பட்ட அமைச்சர்களிடம் பின்னேற்பு வாங்கப்பட்டது. வங்கதேசப் போருக்காக 1971இல் பிறப்பிக்கப்பட்ட நெருக்கடி நிலை அன்றும் நடைமுறையில்தான் இருந்தது. ஏற்கெனவே பூட்டிய வீட்டுக்கு இரண்டாவது பூட்டு எதற்கு என்ற கேள்வியை அந்தக் கூட்டத்தில் யாரும் அழுத்தமாக எழுப்பவில்லை.

ஜனதா அரசு 1978இல் கொண்டுவந்த 44ஆவது திருத்தத்தைப் படித்தால், அந்த இரவின் ஒவ்வொரு ஓட்டையையும் பார்த்துப் பார்த்து அடைத்திருப்பது தெரியும். ‘உள்நாட்டுக் குழப்பம்’ நீக்கப்பட்டு ‘ஆயுதமேந்திய கிளர்ச்சி’ என்று மாற்றப்பட்டது. அமைச்சரவையின் முடிவு எழுத்து வடிவில் வந்த பிறகே குடியரசுத் தலைவர் கையெழுத்திட முடியும். இரு அவைகளும் ஒரு மாதத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். மக்களவை சாதாரணப் பெரும்பான்மையால் பிரகடனத்தை ரத்து செய்யலாம். மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்தாலே 14 நாள்களுக்குள் அதற்கான சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். 1962இன் நோய்க்கு இந்தக் காலவரம்பு சரியான மருந்து.

ஒப்புதலுக்கான சிறப்புப் பெரும்பான்மை மீது மட்டும் அத்தனை நம்பிக்கை வைக்க முடியாது. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும் என்பது விதி. இதை 1975க்குப் பொருத்திப் பார்க்கலாம். 1971 தேர்தலில் காங்கிரஸ் மக்களவையின் 518 இடங்களில் 352ஐ வென்றிருந்தது. எல்லா உறுப்பினர்களும் வந்து வாக்களித்திருந்தாலும் தேவைப்படுவது 346தான். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் அப்போது சிறையில் இருந்தனர். வராதவர்கள் மூன்றில் இரண்டு பங்குக் கணக்கில் சேர்வதில்லை என்பதால், கைது கூடக் கூடப் பெரும்பான்மை எளிதாகும். பெரும்பான்மை பலம் கொண்ட கட்சியை எண்ணிக்கையால் கட்டுப்படுத்த நினைக்கும் எந்தப் பாதுகாப்புக்கும் இந்தப் பலவீனம் உண்டு.

அதனால், திருத்தத்தின் உண்மையான பலம் உயிர் வாழும் உரிமையைத் தொட்ட இடத்தில்தான் இருக்கிறது. 359ஆம் பிரிவின்படி, அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றம் செல்வதையே குடியரசுத் தலைவரின் ஆணை தடுக்க முடியும். மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை ஒன்பது உயர் நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று கூறியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் வழக்கு என்று அறியப்படும் வழக்கில், உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தக் கதவை மூடியது. காவலர் ஒருவர் சட்டவிரோதமாக ஒருவரைச் சுட்டுக் கொன்றாலும் பரிகாரம் கிடையாதா என்ற கேள்விக்கு, அரசின் வாதப்படி கிடையாது என்றே தலைமை வழக்கறிஞர் நிரேன் டே ஒப்புக்கொண்டார். தனித்து நின்று மறுத்தவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா. அடுத்த ஜனவரியில், பணிமூப்பில் அவருக்குப் பின்னால் இருந்த எம்.எச்.பெக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். உரிமைகள் முடங்கியதன் விலை தமிழகத்துக்கும் தெரியும். 1976 ஜனவரி 31 அன்று திமுக அரசு கலைக்கப்பட்டபின் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டதை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் விசாரித்தது.

20, 21ஆம் பிரிவுகளை எந்த நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்று 44ஆவது திருத்தம் விதித்தது. இது நாடாளுமன்ற எண்ணிக்கையைச் சார்ந்ததல்ல. சிறையில் இருக்கும் ஒரு தனி மனிதர் கையில் எடுக்கக்கூடிய கருவி. ஜபல்பூர் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் வெளிப்படையாக நிராகரித்துவிட்டது.

இந்தப் பூட்டையும் கழற்ற முயன்றதுண்டு. 1988இல் ராஜீவ் காந்தி அரசு 59ஆவது திருத்தத்தின் மூலம், பஞ்சாபுக்கு மட்டும் உள்நாட்டுக் குழப்பத்தை மீண்டும் காரணமாக்கி, 21ஆம் பிரிவையும் நிறுத்தி வைக்க வழி திறந்தது. அதன் கீழ் பிரகடனம் எதுவும் வரவில்லை. வி.பி.சிங் ஆட்சியில் 63ஆவது திருத்தம் அதை நீக்கியது. ஆனாலும், திருத்தத்தால் வந்த பாதுகாப்பைத் திருத்தத்தாலேயே போக்க முடியும் என்பது பத்தே ஆண்டுகளில் தெளிவாகிவிட்டது. அப்படி ஒன்று மீண்டும் வந்தால், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்ற நீதிமன்றக் கோட்பாடு ஒன்றே எஞ்சும்.

மாநில ஆட்சியைக் கலைக்கும் 356ஆம் பிரிவின் கதை வேறு. 1991 ஜனவரியில் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் தமிழக அரசு கலைக்கப்பட்டது. 1994இல் பொம்மை வழக்கின் தீர்ப்பு, பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும் என்றும், கலைப்பு தவறென்றால் நீதிமன்றம் ஆட்சியை மீட்டுத் தரலாம் என்றும் சொன்ன பிறகே அந்தப் பழக்கம் பெரிதும் குறைந்தது. சட்டத் திருத்தத்தைவிட ஒரு தீர்ப்பு அதிகம் சாதித்த இடம் இது.

44ஆவது திருத்தத்தின் ஓர் அங்கம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அறிவுரைக் குழுமத்தின் கருத்தின்றி ஒருவரை முன்தடுப்புக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்து, அந்தக் குழுமத்தின் அமைப்பையும் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைக்கு உட்படுத்தியது அதன் 3ஆவது பிரிவு. அது அமலுக்கு வரும் தேதியை மத்திய அரசே அறிவிக்க வேண்டும். கட்சி மாறி மாறி வந்த எந்த அரசும் அந்த அறிவிப்பை வெளியிடவில்லை. பிரகடனம் எதுவும் இல்லாத சாதாரண நாளில், தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்க முடிகிறது; அங்கும் இந்தப் பழைய ஏற்பாடே தொடர்கிறது.