லிட்டில் ரிச்சர்டின் வலது கை

'டூட்டி ஃப்ரூட்டி' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டரை நிமிடம்கூட ஓடாது. முதல் தடவை அந்தக் குரல் உங்களை வேறு எதையும் கவனிக்க விடாது. இரண்டாம் தடவை பாடகரை விட்டுவிட்டு டிரம்ஸையும் பியானோவையும் மட்டும் பின்தொடருங்கள். ஏர்ல் பாமர் டிரம்ஸில் வாசிப்பது ஷஃபிள். நம் கணக்கில் அது திஸ்ர நடை, துள்ளித் துள்ளிப் போகும். லிட்டில் ரிச்சர்டின் வலது கையோ சதுஸ்ரத்தில், எல்லா அடியும் சமமாக, இடைவெளியே விடாமல் பியானோவைப் போட்டு விளாசுகிறது. ஒரே பாட்டுக்குள் இரண்டு நடைகள் முட்டிக்கொள்கின்றன! இதை முதன்முதலாகப் பிடித்தபோது எனக்குக் கை முடியெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பாமரே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டில் தான் இன்னும் ஷஃபிள்தான் வாசித்துக்கொண்டிருந்ததாகவும், பத்து விரலாலும் அடிக்கும் ரிச்சர்டை எதிர்த்து வாசிக்க முடியாமல் பிறகு அவர் வழிக்கே போய்விட்டதாகவும். 1957இல் வந்த 'லூசில்' கேட்டால் தெரியும், பாமர் முழுக்க நேர் நடைக்கு வந்துவிட்டார். இன்று ராக் தாளம் என்றதும் நம் காதில் ஒலிப்பது அந்த நடைதான்.

சரி, அந்த வலது கை எங்கிருந்து வந்தது? ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் ஊரில் கிரேஹவுண்ட் பஸ் நிலையம். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரிச்சர்ட், 1950களின் தொடக்கத்தில் எஸ்கெரீட்டா என்ற இளைஞரைச் சந்திக்கிறார். மலைபோல் அடுக்கிய கொண்டை, பளபளக்கும் நகைகள், தன்பால் ஈர்ப்பை மூடி மறைக்காத நடையுடை. பியானோவை உருப்படியாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான் என்று ரிச்சர்டே சொல்லியிருக்கிறார். முகப்பூச்சும் மேடை மிடுக்கும் அட்லாண்டாவின் ப்ளூஸ் பாடகர் பில்லி ரைட்டிடமிருந்து வந்தவை. அவரும் தன்பால் ஈர்ப்பாளர்தான். 1951இல் ரிச்சர்டுக்கு முதல் ஒலிப்பதிவு வாய்ப்பு கிடைக்க வழி செய்தவரும் அவரே. அதற்கும் முன்பு, 1947இல், பதினான்கு வயதுப் பையனை மேக்கனில் தன் மேடையில் ஏற்றிப் பாடவைத்து, கையில் காசும் கொடுத்தவர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப். எலெக்ட்ரிக் கிட்டாரில் ராக்கின் வாசலைத் திறந்த அந்தப் பெண்மணி பெண்களையும் நேசித்தார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பால்புதுமையினர் ராக் இசைக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தவர்கள் இல்லை. அஸ்திவாரம் போட்டவர்களே அவர்கள்தான்!

இனி, 1955 செப்டம்பர் 14. நியூ ஆர்லியன்ஸில் காஸிமோ மட்டாஸாவின் ஜே அண்ட் எம் ஸ்டூடியோ. தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல்லுக்கு ஏமாற்றம். பதிவான பாட்டுகளில் உயிரில்லை. சாப்பாட்டு இடைவேளைக்கு ட்யூ டிராப் இன் விடுதிக்குப் போகிறார்கள். பெண் வேடமிட்ட பாட்ஸி விடாலியா நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கிய இடம் அது. பியானோவைக் கண்டதும் ரிச்சர்ட் துள்ளி ஏறி, மதுக்கூடங்களில் தான் வழக்கமாகப் பாடும் ஒன்றை எடுத்துவிடுகிறார். ஆணோடு ஆண் கூடுவதைப் பற்றிய பச்சையான பாட்டு. பிளாக்வெல்லுக்குப் பொறி தட்டிவிட்டது. டோரதி லபோஸ்ட்ரி என்ற இளம் பாடலாசிரியையை வரவழைத்து வரிகளை மாற்றச் சொல்கிறார். அவர் முன்னால் மூலப் பாட்டைப் பாடக் கூச்சப்பட்டு ரிச்சர்ட் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாராம். நேரம் முடியும் தறுவாயில் ரிச்சர்டே பியானோவில் உட்கார்ந்தார், 'டூட்டி ஃப்ரூட்டி' பதிவு முடிந்தது. சொற்கள் சுத்தமாகிவிட்டன. தாளத்தை யாராலும் சுத்தப்படுத்த முடியவில்லை! அந்த மதுக்கூடங்களின் குதூகலம் அப்படியே வானொலி ஏறி வெள்ளைக்காரப் பிள்ளைகளின் படுக்கையறைக்குள் போய்விட்டது.

அங்கிருந்து பார்த்தால் பிறகு வந்ததெல்லாம் விளங்கும். எல்டன் ஜான் 1976இல் பேட்டியில் தன் இருபால் ஈர்ப்பைச் சொன்னார். 1998இல் ஜூடாஸ் பிரீஸ்டின் ராப் ஹால்ஃபர்ட், முரட்டு ஆண்மையின் கோட்டையான ஹெவி மெட்டலில் நின்றுகொண்டு, தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். ரசிகர்கள் அவரைக் கைவிடவில்லை. 2003இல் குழுவுக்குத் திரும்பியபோது கொண்டாடினார்கள்.

ரிச்சர்டுக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை. 1957இல் ஆஸ்திரேலியப் பயணத்தின் நடுவே எல்லாவற்றையும் உதறிவிட்டு மதத்துக்குப் போனார். 1995இல் வாழ்நாள் முழுக்கத் தான் தன்பால் ஈர்ப்பாளரே என்றார். 2017இல் அதையே பாவம் என்று மறுத்தார். எனக்கு அவர்மேல் கோபமே வருவதில்லை. பிறருக்கு அவ்வளவு விடுதலை கொடுத்த மனிதருக்குத் தனக்கென்று கொஞ்சம் எடுத்துவைக்க முடியாமல் போனது மனதைப் பிசைகிறது.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் ரிச்சர்டை 1986இல், முதல் தொகுதியிலேயே சேர்த்தது. ரோசெட்டா தார்ப் 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஸ்கெரீட்டா அதே 1986இல் நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயால் இறந்துபோனார். கேபிடல் நிறுவனம் 1959இல் அவர் பெயரிலேயே வெளியிட்ட இசைத்தட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. 'டூட்டி ஃப்ரூட்டி' முடிந்த கையோடு அதையும் போட்டுக் கேளுங்கள்.