கொடுக்காததும் பறிப்பதும்

பெருமாநல்லூர்ப் பக்கம் புதிதாகச் சாயப்பட்டறை போட நினைப்பவரும், பத்து வருடமாகப் பட்டறை ஓட்டுபவரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும். முதலாமவருக்கு 'கன்சென்ட்' மறுக்கப்பட்டால் போட்ட திட்டம் போகும், விண்ணப்பச் செலவு போகும். இரண்டாமவரின் கன்சென்ட் பறிபோனால் மிஷினுக்கு வாங்கிய கடனும், பாதிச் சாயத்தில் கிடக்கும் ஜாப் ஒர்க் துணியும், அதை நம்பிக் கப்பலுக்குத் தேதி சொல்லிவிட்ட பனியன் கம்பெனியும் ஒரே நாளில் தவிக்கும். இன்னொன்றும் உண்டு. மறுப்பு யாரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. ரத்து, 'நீ தப்புச் செய்தாய்' என்கிறது. அப்படிச் சொல்லும்முன் அவரைக் கேட்க வேண்டாமா?

இந்தக் கேள்விக்குப் பெயர்போன பதில் ஒரு ஜவுளி உரிமத்திலிருந்தே வந்தது. இலங்கையில் 1945ஆம் ஆண்டின் ஜவுளிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, ஒரு வியாபாரி தொடர்ந்து தொழில் செய்யத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், கட்டுப்பாட்டு அதிகாரி உரிமத்தை ரத்துச் செய்யலாம். அப்படி உரிமம் இழந்த நக்குடா அலி, ஜயரத்ன என்ற அதிகாரிமீது தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. அதிகாரி யாருடைய உரிமையையும் தீர்ப்பளித்து முடிவு செய்யவில்லை, கொடுத்த சலுகையைத் திரும்ப எடுக்கிறார், அவ்வளவுதான் என்று 1950இல் அந்த மன்றம் சொன்னது. கொடுக்காமல் இருப்பதற்கும் கொடுத்ததைப் பறிப்பதற்கும் இடையிலிருந்த வேறுபாட்டை இது ஏறக்குறைய அழித்தது. ஆனால் அதே தீர்ப்பில் நல்லது ஒன்றும் இருந்தது: நியாயமான காரணம் இருப்பதாக அதிகாரி நினைத்தால் போதாது, அது உண்மையிலேயே இருக்க வேண்டும். சலுகை என்ற வாதத்தை 1963இல் இங்கிலாந்தின் ரிட்ஜ் வழக்கில் ரீட் பிரபு ஏற்க மறுத்தார். அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

இந்தியாவில் பாதை வேறு. இங்கே தொழில் செய்வது அரசியலமைப்பின் 19(1)(ஜி) தரும் அடிப்படை உரிமை. அதனால் முதல் மறுப்பேகூட அந்த உரிமைமீதான கட்டுப்பாடுதான். உத்தரப் பிரதேச நிலக்கரி உரிமம் பற்றிய துவாரகா பிரசாத் வழக்கில், உரிமம் தரவும் மறுக்கவும் ரத்துச் செய்யவும் ஒரே அதிகாரிக்குக் கட்டற்ற அதிகாரம் தந்த பிரிவை உச்ச நீதிமன்றம் 1954இல் செல்லாததாக்கியது. காரணத்தை எழுதி வைக்கச் சொன்னதுகூட அதைக் காப்பாற்றவில்லை. இலங்கையில் நக்குடா அலியின் காலத்தில் இப்படிப் பிடித்துக்கொள்ள எழுதப்பட்ட தொழில் உரிமை இல்லை. 1978 அரசியலமைப்பின் 14(1)(ஜி) அதைத் தந்தது.

சாயக்கழிவுச் சட்டங்களை அருகருகே வைத்தால் ஒற்றுமையே முதலில் தெரிகிறது. இந்தியாவின் 1974 நீர்ச் சட்டத்தில் மறுப்புக்கும் ரத்துக்கும் மேல்முறையீடு 30 நாளுக்குள். இலங்கையின் தேசியச் சுற்றாடல் சட்டமும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கிடைக்காதவருக்கும் அதை இழந்தவருக்கும் அமைச்சின் செயலாளரிடம் அதே 30 நாள் தருகிறது. ஆக, உத்தரவுக்குப் பின் இருவரும் சமம். வேறுபாடு உத்தரவுக்கு முன்தான். புதியவருக்குப் பாரபட்சமற்ற பரிசீலனை போதும். ஓடும் பட்டறைக்காரருக்குக் குற்றச்சாட்டு என்னவென்று தெரிய வேண்டும், பதில் சொல்ல நாளும் வேண்டும்.

புதுப்பித்தல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாரியத்தில் போய்க் கேட்டால் அதுவும் ஒரு விண்ணப்பம்தான். பட்டறைக்காரருக்கோ அது மறுக்கப்பட்டால் ரத்தேதான். மீடியா ஒன் தொலைக்காட்சிக்குப் பத்தாண்டு உரிமம் முடிந்து புதுப்பிப்பு மறுக்கப்பட்டபோது, காரணத்தை மூடிய உறைக்குள் வைத்ததை 2023இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இத்தனை காலம் நடத்தியவரை முதன்முறை கேட்பவர்போல நடத்த முடியாது என்பதே அதன் போக்கு.

இதற்கு எல்லை உண்டு, அதை நொய்யல் விவசாயி சொல்வார். விசாரணைக்குக் கொடுக்கும் பதினைந்து நாளும் சாயத்தண்ணி ஆற்றில் போகலாம், ஒரத்துப்பாளையம் அணைவரை. அதனால்தான் 1986 சுற்றுச்சூழல் விதிகள் ஆட்சேபம் சொல்ல 15 நாள் தந்துவிட்டு, பெருங்கேடு நேரும் என்றால் காரணத்தை எழுதி வைத்து உடனே உத்தரவிடவும் வழி வைத்திருக்கின்றன. 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது வேறு வகை. அது வாரியம் திடீரென எடுத்த முடிவில்லை. பல வருட வழக்கில் இரு தரப்பும் வாதாடி, ஜீரோ டிஸ்சார்ஜுக்குக் கெடுவும் கொடுத்து, அது தவறிய பிறகு வந்தது.

ஒரு நோட்டீஸ் நேர்மையானதா என்று பார்க்க மாதிரியெடுப்பைப் பார்த்தால் போதும். எந்தத் தேதியில், எந்த வாய்க்காலில் தண்ணி எடுத்தார்கள், கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டி எவ்வளவு இருந்தது என்று அதில் இருக்க வேண்டும். நீர்ச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, மாதிரியைப் பட்டறைக்காரர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து முத்திரையிடச் சொல்கிறது. வெறுமனே 'நிபந்தனை மீறல்' என்று வந்திருந்தால், அவர் எதற்குப் பதில் எழுதுவார்?