ஒளிவிலகல் பயிற்சித்தாள்: 'ஏன்' என்ற கேள்வியில் ஒரு குறை

நம் ஆசிரியர்களிடையே சுற்றிவரும் ஒளிவிலகல் பயிற்சித்தாளில் பாராட்ட வேண்டிய ஒன்று உண்டு. விடையைச் சொல்வதற்கு முன்பே, கதிர் எந்தப் பக்கம் போகும் என்று மாணவரை ஊகித்து வரையச் சொல்கிறது. படுகோணம் 40 பாகை. கதிர் காற்றிலிருந்து கண்ணாடிக்குள் போனால் விலகுகோணம் சுமார் 25 பாகை, நீருக்குள் போனால் சுமார் 29. இரண்டிலும் கதிர் செங்குத்துக்கோட்டை நோக்கித்தான் சாய்கிறது, கண்ணாடியில் கொஞ்சம் அதிகமாக. இதுவரை சரி.

அடுத்து 'ஏன்?' என்று ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். விடைத்தாளில், "கண்ணாடி அடர்த்தி மிகுந்தது" என்று இருக்கிறது. மாணவர் இதை டக்கென்று மனப்பாடம் செய்துவிடுவார். ஆனால் எண்ணெயைக் காட்டினால் மாட்டிக்கொள்வார்.

ஒரு கிளாஸ் நீரின் மேல் சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் மிதக்கும், ஏனென்றால் அதன் அடர்த்தி குறைவு. அப்படியானால் எண்ணெயிலிருந்து நீருக்குள் இறங்கும் கதிர் செங்குத்துக்கோட்டை நோக்கிச் சாய வேண்டும் இல்லையா? நடப்பது நேர்மாறு. காற்றில் 40 பாகையில் வரும் கதிர் எண்ணெய்க்குள் ஏறக்குறைய 26 பாகையில் போகிறது. நீருக்குள் நுழைந்ததும் 29 பாகைக்கு விலகிவிடுகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, எண்ணெயின் எண் அதைவிடப் பெரிது, சுமார் 1.46. அதாவது எண்ணெயில்தான் ஒளி மெதுவாகப் போகிறது. எடைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 'அடர்த்தி' என்ற சொல்லை விட முடியாதென்றால் 'ஒளியடர்த்தி' என்றாவது எழுத வேண்டும்.

உண்மையான காரணம் வேகம். காற்றில் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளி, கண்ணாடியில் சுமார் 2 லட்சம்தான் போகும். கைகோத்து வரிசையாக நடப்பவர்கள் தார்ச்சாலையிலிருந்து மணலுக்குள் சாய்வாக இறங்குவதாக வைத்துக்கொள்வோம். முதலில் மணலைத் தொடும் ஆளின் நடை தளரும், மறுமுனையில் இருப்பவர் இன்னும் சாலையில் வேகமாக வருவார், அதனால் வரிசையே திரும்பிவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் மணலைத் தொட்டால்? வேகம் குறையும், திசை மாறாது. செங்குத்தாக நுழையும் கதிர் நேராகவே போவதற்கு இதுதான் காரணம். பயிற்சித்தாளில் இந்த 0 பாகைப் படமே இல்லை! அதைச் சேர்த்தால் 'ஏன்' புரிந்ததா, வெறும் விதியை ஒப்பித்தாரா என்று உடனே தெரிந்துவிடும்.

மொழியாசிரியராக இன்னொன்றும் சொல்லணும். "கதிர் வளைகிறது" என்று கேள்வியில் எழுதியிருப்பதால் பலர் கண்ணாடிக்குள் வில் போல வளைத்து வரைகிறார்கள். கதிர் இரு ஊடகங்களும் சந்திக்கும் பரப்பில் மட்டுமே திசை மாறுகிறது. அதற்கு முன்னும் பின்னும் நேர்கோடுதான். "திசை மாறுகிறது" என்று திருத்தி, அடிக்கோலால் வரையச் சொன்னால் போதும்.