கரைந்து சேரும் இணைப்பு

சால்வென்ட் சிமென்ட்டைப் பசை என்று நினைத்துப் பூசுவதில்தான் பல கசிவுகள் தொடங்குகின்றன. பசை இரண்டு பரப்புகளுக்கு நடுவே தங்கி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். பிவிசி சிமென்ட்டோ பைப்பின் வெளிப்பரப்பையும் எல்போவின் உட்பரப்பையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கவிடுகிறது. பிறகு அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போய்விடுகிறது. நன்றாகச் சேர்ந்த இணைப்பை அறுத்துப் பார்த்தால், பைப் எங்கே முடிகிறது, எல்போ எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். பிளம்பிங் வேலையில் இதைவிட அழகான ஒன்றை நான் அறியேன்.

இதைச் சாத்தியமாக்குவது எல்போவின் வாய். அது உள்ளே போகப் போகச் சற்றே குறுகும். சிமென்ட் இல்லாமல் செருகினால் பைப் பாதி ஆழத்திலேயே இறுகி நின்றுவிடும். பூசியதும் பரப்பு இளகி, அடிவரை போகும். கால் சுற்று திருப்பியபடி தள்ளினால் சிமென்ட் எல்லாப் பக்கமும் பரவும். உடனே கையை எடுத்தால் அந்தக் குறுகலே பைப்பைப் பின்னுக்குத் தள்ளும் என்பதால் 30 விநாடியாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். கசிந்த எல்போவை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் தவறு கண்ணுக்கே தெரியும். ஹாக்சா பிளேடால் அறுத்த விளிம்பில் பிசிறை எடுக்காமல் செருகியிருந்தால், பிசிறு சிமென்ட்டை வழித்துக்கொண்டு போயிருக்கும். அந்தத் தடத்தில் பிளாஸ்டிக்கின் பழைய பளபளப்பு அப்படியே இருக்கும். அதன் வழியாகத்தான் தண்ணீர் வந்திருக்கும். பைப் ஈரமாக இருந்தாலும், பூசிய சிமென்ட் காய்ந்து ஆடை கட்டிய பிறகு செருகினாலும் பரப்புகள் ஒழுங்காகச் சேராது. அப்படியானால் தாராளமாகப் பூசலாமே என்பார்கள். பைப்பின்மேல் பூசலாம், எல்போவுக்குள் மிகுந்தால் அது அடியில் தேங்கிச் சுவரையே இளக்கிவிடும். கசியும் இடத்தில் வெளியே தடவுவதும் பயன் தராது. உள்ளிருந்து தள்ளும் தண்ணீர் அந்த மேல்பூச்சை உரித்துவிடும்.

கழற்ற முடியாதே என்பது இதன்மீதுள்ள நியாயமான குறை. மோட்டார், கீசர் அருகே மரை இணைப்பு வேண்டும்தான். அங்கே பிளாஸ்டிக் பெண் மரைக்குள் ஜிஐ நிப்பிளை ரெஞ்சால் முறுக்கும் பழக்கம்தான் கெடுதல். நிப்பிள் ஆப்புப்போல் இறங்கி, நாளடைவில் பிளாஸ்டிக்கை விரியச் செய்துவிடும். பித்தளை மரை பதித்த ஃபிட்டிங் வாங்கி, டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றினால் போதும்.

சூட்டில் இணைக்கும் பிபிஆர் பைப்பே மேல் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. சுமார் 260 டிகிரியில் இளகி ஒட்டுவதால் ஆறியதும் தண்ணீர் விடலாம். சிமென்ட்டுக்கு ஒரு நாள் விடுவது நல்லது. ஆனால் சூடு மிகுந்தால் உள்ளே திரண்டு வழியை அடைக்கும் வளையம் வெளியே தெரியாது. சிமென்ட் இணைப்பில் வாயைச் சுற்றிப் பிதுங்கிய மெல்லிய வளையம் அறுபடாமல் இருக்கிறதா என்று உடனே பார்த்துவிடலாம். ஓரிடத்தில் அறுந்திருந்தால், தண்ணீர் விடும் முன்பே அந்த எல்போவை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம்.