வைத்தியர் போன பிறகு வரும் அறிக்கை

சுன்னாகத்திலோ நெல்லியடியிலோ உள்ள ஒரு சிறு கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். அரச வைத்தியசாலையில் கடமை முடித்த நிபுணர் பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து ஏழரை வரை நோயாளரைப் பார்க்கிறார். அவரோடு கிளினிக் செய்துகொள்ளும் உடன்படிக்கையில் கவனமாக எழுதப்படுவது பணப் பங்கீடுதான்.

வைத்தியரின் கட்டணம் 1,500 ரூபா, கிளினிக்கின் கட்டணம் 500 ரூபா என்று பற்றுச்சீட்டில் தனித்தனியே காட்டும் முறை நல்லது. எந்தப் பணம் யாருக்கு என்பது நோயாளருக்கே தெரிகிறது. மொத்த வசூலைச் சதவீதத்தில் பிரிக்கும் முறையில், இரத்தப் பரிசோதனை வருமானமும் மெல்ல அந்தக் கணக்குக்குள் நுழைந்துவிடும். பிறகு எழுதப்படும் ஒவ்வொரு பரிசோதனையும் சந்தேகத்துக்குரியதாகிறது.

நேரத்தைப் பற்றிய பிரிவு வைத்தியர் இருக்கும் இரண்டரை மணித்தியாலத்தை மட்டுமே பேசுகிறது. இதுதான் பெரிய ஓட்டை. மாரி மழைக்குப் பின், டெங்கு பரவும் காலத்தில், மூன்றாம் நாள் காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு ஆறு மணிக்கு இரத்தம் எடுக்கிறார்கள். எட்டரைக்கு அறிக்கை வருகிறது: குருதிச் சிறுதட்டுகள் வேகமாகக் குறைந்திருக்கின்றன, குருதியின் செறிவு ஏறியிருக்கிறது. வைத்தியர் போய்விட்டார். தாதி அதைக் கோப்பில் வைக்கிறார். காலையில் பார்க்கலாம் என்று எல்லோரும் நினைத்தால், பிள்ளையை வார்ட்டில் சேர்த்துக் கண்காணிக்க வேண்டிய இரவு வீணாகும்.

இந்த இடத்தில், "சிகிச்சைப் பொறுப்பு முழுவதும் வைத்தியருடையது" என்ற ஒற்றை வரி உதவாது. நோயாளர் அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் அல்லர். இருவர் மீதும் வழக்குத் தொடுக்கலாம். ஒரு சிறுமியின் மரணம் தொடர்பாகப் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 2,50,000 ஆகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. சிறுமிக்கு இருந்தது மூளைத்தண்டுக் கட்டி. கவனக்குறைவே மரணத்துக்குக் காரணம் என்று நிறுவ முடியவில்லை. டெங்குவில் அந்தத் தப்பும் வழி குறுகியது, ஏனெனில் நேரத்தோடு திரவ நிலையைக் கவனித்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துவிடுகிறார்கள்.

காப்புறுதியிலும் ஒரு பொறி உண்டு. தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி பலவும், கோரிக்கை எழும் நாளில் நடைமுறையில் இருந்தால்தான் பணம் தரும். நட்ட வழக்குக்குச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டுகள். சிறுவர் விடயத்தில் அது மேலும் நீளலாம். அதற்குள் இடமாற்றம் பெற்றுப் போன வைத்தியர் பழைய காப்புறுதியைக் கைவிட்டிருப்பார். வெளியேறிய பின்னும் தொடரும் காப்பு, ஊசி போடும் தாதிக்கும் மருந்து கொடுப்பவருக்கும் கிளினிக்கின் பெயரில் தனிக் காப்பு, இரவு அறிக்கையைப் பார்த்து வீட்டுக்கு அழைப்பு எடுப்பவரின் பெயர் ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுத அரைப் பக்கம் போதும்.